இருபத்துமூன்றாம் குறிப்பு

எங்கள் அலுவலகத்தில் என்னைத் தேதி சார் என்று அழைப்பார்கள். நான் எதிலும் தேதி போடுவேன். தண்ணீர் பாட்டிலில் திறந்த தேதி, பேனாவில் மை மாற்றிய தேதி, பல் துலக்கும் தூரிகையின் அடியில் வாங்கிய தேதி. கல்யாணமான புதிதில் என் மனைவி இதை ஒழுக்கம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது என்ன சொல்கிறாள் என்பதை எழுத வேண்டியதில்லை.

ஐந்து ஊர்களில் ரத்தப் பரிசோதனைக்கூடங்கள் வைத்திருக்கும் ஒரு மருத்துவக் குழுமத்துக்கு மென்பொருள் செய்து கொடுப்பது எங்கள் வேலை. மெஷின் ரத்தத்தை அளக்கும். அந்த அளவை எங்கள் மென்பொருள் வாங்கி வைத்து, நோயாளியின் போனுக்கு அனுப்பும். சொன்னால் ஒரு வரி. செய்தால் பதினோரு வருடம். அதில் முதல் எட்டு வருடம் தலைமை தாங்கியவன் நான்.

அந்த எட்டு வருடத்தில் நான் கொண்டுவந்த வழக்கம் ஒன்று உண்டு. மென்பொருளை எப்படிக் கட்டுவது என்று ஒரு பெரிய முடிவு எடுத்தால், அன்றைக்கே ஒரு பக்கத்தில் குறிப்பு எழுதிவிட வேண்டும். எண், தேதி, நிலைமை என்ன, என்ன முடிவு, வேறு என்னென்ன வழிகளை யோசித்து ஏன் விட்டோம், இந்த முடிவால் வரப்போகும் நன்மை தீமை என்ன. அவ்வளவுதான். எழுதியதை இன்னொருவர் படித்து ஒப்புக்கொண்ட பிறகு மென்பொருளின் நிரலோடு சேர்த்தே வைத்துவிடுவோம். அதற்கப்புறம் அதில் கை வைக்கக் கூடாது. முடிவு மாறினால் புதிய எண்ணில் புதிய குறிப்பு. பழையதன் தலையில் ‘இதற்குப் பதில் இன்ன எண்’ என்று ஒரு வரி மட்டும். நாளைக்கு நாம் இல்லாதபோது வருகிறவன், இதை ஏன் இப்படிச் செய்தார்கள் என்று தலையைப் பிய்த்துக்கொள்ளாமல் இருக்க வேண்டும் அல்லவா?

இதைச் சொல்லிச் சொல்லியே நான் பெரிய மனிதன் ஆனேன். மூன்று வருடத்துக்கு முன் என்னைப் பயிற்சிப் பிரிவுக்கு மாற்றினார்கள். முடிவுக் குறிப்பு எழுதுவது எப்படி என்று ஒரு கையேடு தயாரிக்கச் சொன்னார்கள். ஊருக்கு உபதேசம் செய்யச் சம்பளமும் கொடுத்து, ஜன்னலோரம் ஒரு மேஜையும் கொடுத்தால் யாருக்குக் கசக்கும்?

கையேடு வெளிவரவிருந்த வெள்ளிக்கிழமைக்கு நான்கு நாள் முன்பு, திங்கட்கிழமை காலை, வக்கீல் என் மேஜைக்கு வந்தாள்.

வக்கீல் என்றால் கோர்ட்டுக்குப் போகிறவள் இல்லை. என் இடத்துக்கு வந்த புதிய தலைவி. எதையும் குறுக்கு விசாரணை செய்து கேட்பதால் அவள் குழுவே வைத்த பெயர். கையில் ஒரு தாள் வைத்திருந்தாள். ஐம்பத்தேழு எண் வரையுள்ள குறிப்புகளை ஒரு வாரமாக உட்கார்ந்து படித்து முடித்துவிட்டாளாம். நான் மகிழ்ந்து போனேன். எழுதியதை ஒருவர் முழுசாகப் படித்துவிட்டு வந்து எதிரே உட்காருவது எழுதுகிறவனுக்கு வாழ்நாளில் ஒரு முறை நடந்தால் அதிகம்.

“ரொம்ப உபயோகமா இருந்துச்சு சார். ஒண்ணே ஒண்ணு. இருபத்திரெண்டுக்கு அப்புறம் இருபத்திநாலு வருது.”

எண் போடும்போது தவறியிருக்கும் என்றேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். பிறகு தாளைத் திருப்பினாள். மெஷினிலிருந்து அளவு வந்த பிறகு நோயாளிக்குப் போகாமல் இருபது நிமிடம் சும்மா நிற்கிறது. நிரலில் ஒரே வரி, பக்கத்தில் ‘இதைத் தொடாதீர்கள்’ என்று ஒரு வாசகம். ஏன் என்று இல்லை. நோயாளிகள் புகார் மேல் புகார். பதினோராம் குறிப்பிலோ, அளவு வந்த கணமே அனுப்ப வேண்டும் என்று தெளிவாக இருக்கிறது. அதை மாற்றியதாகப் பின்னால் எந்தக் குறிப்பும் இல்லை. ஆகவே குறிப்புதான் சரி, இந்த வரிதான் தப்பு என்று குழு கருதுகிறது.

“உங்க குறிப்பை மதிச்சுத்தான் சார் எடுக்கிறோம்” என்றாள்.

அவள் கேலி செய்யவில்லை. அதுதான் எனக்குச் சுருக்கென்றது.

“ஆனா அந்த வரியைப் போட்டது நீங்கதான்னு காட்டுது சார். ஆறு வருஷத்துக்கு முன்னாடி. என்ன மாத்தினீங்கன்னு எழுதற இடத்துல ‘சிறு திருத்தம்’னு மட்டும் இருக்கு. ஞாபகம் இருக்கா?”

நிரலில் யார் எந்த வரியை எந்த நாள் எந்த நிமிடத்தில் தொட்டார் என்பதெல்லாம் தானாகவே பதிவாகும். பதியாதது ஒன்றே ஒன்று, ஏன் தொட்டார் என்பது. அந்த ஒன்றுக்காகத்தான் இந்த உலகத்தில் குறிப்பு என்று ஒன்று இருக்கிறது என்று என் கையேட்டின் மூன்றாம் பக்கத்தில் நானே தடித்த எழுத்தில் எழுதியிருந்தேன்.

“ஏதாவது சோதனைக்காகப் போட்டதா இருக்கும்மா” என்றேன்.

“அப்போ வியாழக்கிழமை எடுத்துடறோம் சார்.”

அவள் போய்விட்டாள். எனக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. தேதி உட்பட.

பதினோராம் குறிப்பு என் செல்லப் பிள்ளை. மெஷின் சொன்ன கணத்தில் நோயாளியின் கையில். நடுவில் யாரும் இல்லை, தாமதம் இல்லை. அந்தக் குறிப்பின் கடைசியில், தீமைகள் என்ற தலைப்பின் கீழ், ‘எதுவும் இல்லை’ என்று எழுதி ஒப்புதலும் வாங்கியிருந்தேன்.

ஐந்தாவது பரிசோதனைக்கூடத்தின் பொறுப்பாளர் என் சகலை. மனைவியின் அக்கா கணவர். அங்கே ஒரு நாள் மெஷினின் ஊசி ரத்தத்தோடு ஒரு காற்றுக்குமிழியையும் உறிஞ்சிவிட்டது. ஒரு தச்சரின் சர்க்கரை அளவு முப்பத்தொன்று என்று வந்தது. அப்படிக் கண்டபடி ஒரு எண் வந்தால் கூடத்தில் இருப்பவர்கள் நம்ப மாட்டார்கள். அதே ரத்த மாதிரியை மறுபடி மெஷினில் வைப்பார்கள். இரண்டாவது தடவை நூற்றுப்பதினெட்டு வந்தது. அதற்குப் பதினோரு நிமிடம் ஆயிற்று. ஆனால் மெஷினுக்கு முதல் அளவு, சரிபார்த்த அளவு என்ற பேதம் கிடையாது. எது வந்தாலும் எங்களுக்குத் தள்ளிவிடும். நாங்களும் வந்த கணமே அனுப்பிவிட்டோம்.

தச்சருக்கு ஏற்கெனவே சர்க்கரை வியாதி. முப்பத்தொன்று என்றால் ஆள் மயங்கிச் சாயும் அளவு. போனைப் பார்த்த மகள் அலறியிருக்கிறாள். வீட்டில் இருந்த அத்தனை பேரும் அவரைப் பிடித்து உட்கார வைத்து, சீனியைக் கரைத்துக் கரைத்து ஊட்டியிருக்கிறார்கள். எனக்கு ஒன்றும் இல்லை என்று அவர் சொல்லச் சொல்ல, மயக்கத்தில் உளறுகிறார் என்று இன்னும் இரண்டு கரண்டி. பதினோரு நிமிடம் கழித்து நூற்றுப்பதினெட்டு என்று இரண்டாவது செய்தி வந்தபோது அதைப் பார்க்க ஆளில்லை. ஆஸ்பத்திரியில் அளந்தால் முந்நூற்று நாற்பது. ஒரு நாள் படுக்க வைத்து அனுப்பினார்கள்.

நல்லவேளை, ஆள் பிழைத்தார். மறுநாள் கூடத்துக்கு வந்து இரண்டு செய்திகளையும் காட்டி, “இதுல எதுங்க நான்?” என்று மட்டும் கேட்டாராம்.

அன்றைக்கே இருபது நிமிடம் நிறுத்தி வைக்கும் வரியைப் போட்டேன். அதற்குள் மறு அளவு வந்தால் முதலாவதை அழித்துவிட்டு இரண்டாவதை மட்டும் அனுப்பும். குறிப்புக்கு இருபத்துமூன்று என்று எண்ணும் எடுத்தேன். எழுதவும் உட்கார்ந்தேன். முதல் வரியே, ‘பதினோராம் குறிப்பில் தீமை எதுவும் இல்லை என்று எழுதியது தவறு’ என்று தொடங்க வேண்டியிருந்தது. அங்கேயே பேனா நின்றுவிட்டது. அந்த நேரம் பார்த்து சகலை போன் செய்தார். தச்சர் பெரிய மனசு பண்ணி விட்டுவிட்டார், மேலே யாருக்கும் தெரியாது, எழுத்தில் ஏற்றாதீர்கள் என்றார். ஆயிரம் எண் இருக்கிறது, ஒன்று போனால் என்ன?

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது போல இருந்தது. இருபத்துநான்கை எழுதப் போய்விட்டேன்.

வக்கீல் வந்துபோன அன்று மாலை நேரே சகலையின் கூடத்துக்குப் போனேன். அவர் அந்தப் பழைய மெஷினின் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மற்ற நான்கு ஊர்களிலும் போன வருடமே புதிய மெஷின் வந்துவிட்டது. அவை சரிபார்த்து முடித்த அளவுக்கு ‘இறுதி’ என்ற அடையாளம் போட்டே அனுப்புகின்றன. இவர் மட்டும், இது தங்கமான மெஷின், இன்னும் பத்து வருடம் உழைக்கும் என்று எழுதிக் கொடுத்துத் தக்க வைத்துக்கொண்டிருந்தார்.

“குமிழி இன்னும் வருதா சகலை?”

“மாசத்துக்கு ரெண்டு தடவை. மனுஷனுக்கே ஏப்பம் வருது, மெஷினுக்கு வரக்கூடாதா?”

வியாழக்கிழமை இருபது நிமிடத்தை எடுக்கப் போகிறார்கள் என்றேன். அவர் துணியைக் கீழே வைத்தார். எடுத்தால் மாதத்துக்கு இரண்டு தச்சர்கள் என்று இருவருக்கும் கணக்குத் தெரிந்தது. சொன்னால் என் கையேட்டுக்கும் அவர் தங்கத்துக்கும் என்ன ஆகும் என்பதும் தெரிந்தது. பிறகு அவர்தான் வழி சொன்னார்.

“எழுதுங்க. யாரு வேண்டாம்னா? ஆறு வருஷத்துக்கு முன்னாடி தேதி போட்டு எழுதிடுங்க. எங்கேயோ மாட்டியிருந்துச்சு, இப்பத்தான் கிடைச்சுதுன்னு சொல்லுங்க. தச்சர் கதையெல்லாம் எதுக்கு? மெஷின் ரெண்டு தடவை அனுப்பும், அதனால காத்திருக்கோம். முடிஞ்சுது.”

பாம்பும் சாகும், கோலும் முறியாது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள். அக்கா வீட்டுக்காரர் சொன்ன யோசனை என்றதும் கத்தி ஒரு நொடி நின்றது.

“பல்லு வெளக்கற பிரஷ்ல என்னைக்காவது பொய்த் தேதி போட்டிருக்கீங்களா?” என்றாள். அப்புறம் நறுக்க ஆரம்பித்துவிட்டாள்.

நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. செவ்வாய்க்கிழமை முழுக்க உட்கார்ந்து எழுதினேன். ஆறு வருடத்துக்கு முந்தைய தேதி. நிலைமை, முடிவு எல்லாம் மணி மணியாக வந்தன. வேறு வழிகள் என்ற தலைப்பில் என் வழக்கப்படி ஒன்றையும் விடாமல் அலசினேன். தீமைகளில், நோயாளிகளுக்குத் தாமதம் என்று இந்தத் தடவை ஒழுங்காகக் குறித்தேன். படித்துப் பார்த்தேன். நான் எழுதியவற்றில் இதுதான் சிறந்தது என்று தோன்றியது. எங்கேயோ மாட்டியிருந்தது, இப்போதுதான் கிடைத்தது என்று ஒரு வரி சேர்த்து, வழக்கப்படி இன்னொருவர் படித்து ஒப்புக்கொள்வதற்காக அனுப்பி வைத்தேன். அந்த இன்னொருவர் வக்கீல்.

புதன்கிழமை அவளே வந்தாள். மடிக்கணினியைத் திறந்து என் பக்கம் திருப்பினாள்.

“சேர்த்த நாள் நேத்துன்னு தானா பதிவாகியிருக்கு. அது பரவாயில்ல சார், எங்கேயோ இருந்து கிடைச்சதுன்னு சொன்னீங்க, நம்பிட்டேன்.” விரலை ஒரு வரியின் மேல் வைத்தாள். “இங்க, வேற வழிகள்ல மூணாவது. புது மெஷின் போடுற ‘இறுதி’ அடையாளம் வந்தா மட்டும் அனுப்பலாம், ஆனா அஞ்சாவது ஊர்ல அந்த மெஷின் இல்ல, அதனால வேண்டாம்னு எழுதியிருக்கீங்க.”

“ஆமாம்.”

“அந்த மெஷின் போன வருஷம்தான் சார் வந்துச்சு.”

ஒன்றையும் விடாமல் அலசும் பழக்கம் என்னை அலசிவிட்டது. சோம்பேறியாக இருந்திருந்தால் தப்பித்திருப்பேன். பொய் சொல்கிறவன் குறைவாக எழுத வேண்டும் என்பது என் கையேட்டில் எங்கும் இல்லை.

அவள் கோபப்படவில்லை. குரலைக் கூட உயர்த்தவில்லை. “திங்கக்கிழமை சோதனைக்காகன்னு சொன்னீங்க. அதை நம்பி நாளைக்கு எடுத்திருப்போம். எடுத்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு மட்டும் சொல்லுங்க சார், போதும்.”

தச்சரின் கதையைச் சொன்னேன். சீனியைச் சொன்னேன். முந்நூற்று நாற்பதைச் சொன்னேன். எதுங்க நான் என்று அவர் கேட்டதையும் சொன்னேன். அவள் எதுவும் எழுதிக்கொள்ளாமல் கேட்டாள். முடிந்ததும் எழுந்தாள்.

“இதை எழுதிட்டு வாங்க. தேதி இன்னைக்கு” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

என் மேஜையிலேயே உட்கார்ந்து எழுதினேன். அரை மணி நேரம்தான் ஆயிற்று. எண் இருபத்துமூன்று. எழுதிய தேதி இன்று; முடிவெடுத்த தேதி ஆறு வருடத்துக்கு முன். பதினோராம் குறிப்பில் தீமை எதுவும் இல்லை என்று எழுதியது தவறு. ஒரு நோயாளி பாதிக்கப்பட்டார். மறு அளவுக்குப் பன்னிரண்டு நிமிடம் வரை ஆகலாம் என்பதால் இருபது என்று வைத்தோம். ஐந்தாவது கூடத்தில் இந்த ஆபத்து இன்றும் இருக்கிறது. இந்தக் குறிப்பு ஆறு வருடம் தாமதமானதன் காரணம்: எழுதியவருக்கு வெட்கம்.

கடைசி வரியை இரண்டு தடவை அடித்தேன், மூன்று தடவை எழுதினேன். ஆகவே இருக்கிறது.

வியாழக்கிழமைக் கூட்டம் பத்து நிமிடத்தில் முடிந்தது. காரணம் தெரியாதவரை யாராலும் தொட முடியாதிருந்த வரி, காரணம் தெரிந்ததும் எளிதாகிவிட்டது. நான்கு ஊர்களுக்குக் காத்திருப்பு வேண்டாம். ‘இறுதி’ அடையாளம் வந்த கணமே போகட்டும். ஐந்தாவது ஊருக்கு மட்டும், அந்த மெஷின் இருக்கும்வரை, இருபது நிமிடம் தொடரட்டும். இதை வக்கீல் அன்றே ஐம்பத்தெட்டாம் குறிப்பாக எழுதினாள். பதினொன்றின் தலையில் ‘இதற்குப் பதில் இருபத்துமூன்று’ என்றும், இருபத்துமூன்றின் தலையில் ‘இதற்குப் பதில் ஐம்பத்தெட்டு’ என்றும் வரிகள் ஏறின. ஆறு வருடம் மறைத்து வைத்த குறிப்பு, வெளியே வந்து ஒரு நாள்தான் நடப்பில் இருந்தது.

ஐம்பத்தெட்டில் இருந்த ‘அந்த மெஷின் இருக்கும்வரை’ என்ற மூன்று சொற்களைக் குழுமத்தின் மேலிடம் படித்திருக்கிறது. ஏன் இருக்கிறது என்று கேட்டார்களாம். இரண்டு மாதத்தில் சகலையின் தங்கத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அவர் இப்போது என்னோடு பேசுவதில்லை. அக்காவும் தங்கையும் பேசிக்கொள்கிறார்கள். நாங்கள் இருவரும் விசேஷங்களில் எதிரெதிர் மூலையில் உட்கார்ந்து ஒரே சுவரைப் பார்க்கிறோம்.

கையேடு குறித்தபடி வெள்ளிக்கிழமை வரவில்லை. மூன்று வாரம் தள்ளிப்போயிற்று. என்னை நிறுத்திவிடுவார்கள் என்று மேஜை இழுப்பறையைக் கூடக் காலி செய்து வைத்தேன். இயக்குநர் கூப்பிட்டார். மாதிரிக்காக நான் கையேட்டில் சேர்த்திருந்த என்னுடைய ஆறு குறிப்புகளும் படிக்கத் தூக்கம் வருகிறதாம். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு இருபத்துமூன்றை மட்டும் போடச் சொன்னார். முழுசாக. கடைசி வரியோடு.

அப்படியே வந்திருக்கிறது. புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் முதல் நாளே அதைப் படிக்கிறார்கள். இரண்டாம் நாள் நான் வகுப்பெடுக்க உள்ளே போகும்போது எல்லோரும் என்னைப் பார்த்துவிட்டுக் குனிந்துகொள்கிறார்கள். தேதி சார் என்ற பெயர் போய்விட்டது. இப்போது நான் இருபத்திமூணு சார். போன வாரம் கடைசி வரிசையில், முதல் நாள் வராத ஒரு பெண், இந்தப் பெயர் ஏன் வந்தது என்று பக்கத்தில் இருந்தவனைக் கேட்டாள். அவன் கையேட்டைத் திறந்து அவள் முன் நகர்த்தினான்.

பக்கம் பன்னிரண்டு. நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி அன்றைய தேதியை எழுதினேன்.